வாஷர் என்று எழுதாத விடைத்தாள்

மட்டாஞ்சேரியில் குழாய் ஒழுகினால் எந்த ஹார்டுவேர் கடையிலும் போய் வாஷர் கேட்கலாம். நடுவில் ஓட்டை உள்ள ஒரு ரப்பர் வட்டம். கடைக்காரர் டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, காகிதத்தில்கூடச் சுற்றாமல் தருவார். அவ்வளவு சாதாரணமான ஒரு சொல்லை எழுத மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதனால் சென்னையில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கக் கிடைத்திருந்த இடம் போயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஊரின் பொதுச் சலவைக்கூடமான டோபி கானாவில் துணி துவைக்கிறார். அம்மா வீட்டில் இஸ்திரி போடுகிறாள். துணிகளின் ஓரத்தில் மையால் போட்ட குறிகளைப் பார்த்தே எது எந்த வீட்டுத் துணி என்று அப்பா சொல்லிவிடுவார். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. எனக்கு மலையாளம், ஆங்கிலம் இரண்டும் எழுத வரும். தமிழ் எழுத நானாகக் கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணிதத்தில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அப்போதும் இருந்ததில்லை.

எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். வகுப்பில் தமிழ் பேசுகிறவள் என்னைத் தவிர இன்னொருத்திதான். அவள் குடும்பம் பல தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மசாலா வியாபாரம் செய்கிறது. காலையில் இருவரும் ஒரே படகில் போவோம். அவளுக்குக் கணிதம் வராது, வீட்டில் சேர்த்துவிட்டார்கள். படகில் நான் அவளுக்கு வீட்டுக்கணக்குச் சொல்லித் தருவேன், அவள் எனக்குப் புளிமிட்டாய் தருவாள். அவள் வீட்டுத் துணி என் அப்பாவிடம்தான் வரும். என் அப்பாவை அவள் ‘சேட்டா’ என்று, அண்ணா என்கிற பொருளில் கூப்பிடுவாள். கூடப் படிக்கிறவளின் அப்பாவை எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ‘அங்கிள்’ என்பார்கள். துணி எடுக்க வருகிறவரைத்தான் சேட்டா என்பார்கள். அவள் சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழகியவள். நான் அதைக் கவனித்திருந்தேன்.

கடைசி செமஸ்டரில் கால்குலஸ் தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்த மிஸ் மிகவும் நன்றாக நடத்துவார். ஒருநாள் அவர் பலகையில் y = x என்ற நேர்கோட்டையும் y = x² என்ற வளைவையும் வரைந்தார். 0 முதல் 1 வரை கோடு மேலே, வளைவு கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியான இலை மாதிரி ஒரு பரப்பு. அதை ஒரு கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தின் கனஅளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மிஸ் மலையாளத்தில்தான் பேசுவார். இங்கே தமிழில் தருகிறேன்.

“இலையைச் செங்குத்தா ஒரு மெல்லிய சீவலா நறுக்குங்க. அந்தச் சீவலை x அச்சைச் சுத்திச் சுழற்றினா என்ன வரும்? ஓட்டை போட்ட வட்டம். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தைக் கழிக்கணும். இதுக்குப் பேர் வாஷர் மெதட்.”

அச்சைச் சுற்றிச் சுழற்றும்போது எல்லோருக்கும் புரிந்தது. வெளி ஆரம் x, உள் ஆரம் x². இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி, பிறகுதான் கழிக்க வேண்டும். கழித்துவிட்டு வர்க்கப்படுத்திய இரண்டு பேரை மிஸ் எழுப்பி நிற்க வைத்தார். விடை 2π/15.

பிறகு அவர் அச்சை விட்டுவிட்டார். y = −1 என்று கீழே ஒரு கிடைக்கோடு வரைந்து, இலையை இதைச் சுற்றிச் சுழற்றுங்கள் என்றார். ஆரத்தைச் சுழலும் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், அச்சிலிருந்து அல்ல. ஆகையால் இரண்டு ஆரமும் ஒன்று கூடும்: x + 1, x² + 1. விடை 7π/15. இதுவும் எல்லோருக்கும் வந்துவிட்டது. மூன்றாவதாக அவர் கோட்டை இலைக்கு மேலே வரைந்தார். y = 2.

“இப்போ வெளி ஆரம் எது?”

வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது: “ரெண்டு மைனஸ் x.” மேலே இருப்பது x என்பதால் அதுதான் பெரியது என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. ஒருத்தன் அதை வைத்து மடமடவென்று போட்டு முடித்து, “மிஸ், மைனஸ்ல வருது, மைனஸை எடுத்துடவா?” என்று கேட்டான்.

“கனஅளவு எப்படிடா மைனஸ்ல வரும்? பக்கெட்டுல மைனஸ் தண்ணி பிடிப்பியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை தூக்கினேன்.

“வெளி ஆரம் ரெண்டு மைனஸ் x வர்க்கம், மிஸ். கோடு மேலே போயிடுச்சு. அதுக்குத் தூரத்துல இருக்கிறது கீழே உள்ள வளைவுதான். பக்கத்துல இருக்கிற நேர்கோடு உள் ஆரம். அதனால ரெண்டும் இடம் மாறும்.”

மிஸ் சாக்பீஸை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். “கேட்டீங்களா? இவதான் நம்ம வாஷர் எக்ஸ்பர்ட்!”

அடுத்த பெஞ்சிலிருந்து என் படகுத் தோழியின் குரல் வந்தது. மலையாளத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. “பின்னே? அவ அப்பா வாஷரல்லே!”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு யாரோ கேட்டார்கள், என் அப்பா துணி துவைக்கிறவர் என்று அவள் சொன்னாள், புரிந்தது. பின்வரிசை வரைக்கும் சிரிப்பு போயிற்று. மிஸ், “ஏய், என்ன அது?” என்றார். அவருக்கு என் அப்பா என்ன செய்கிறார் என்று தெரியாது. சிரிப்பின் காரணம் தெரியாமலே அவர் முகத்திலும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே இருந்தேன். உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தேன். பலகையில் என் விடை இருந்தது: 8π/15.

திரும்பும் படகில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எடீ, சும்மா தமாசுக்குச் சொன்னதாக்கும். அதுக்கு மூஞ்சியை இப்பிடி வெச்சிண்டிருக்கியே.”

“எப்பிடி வெச்சிருக்கேன்?”

“துவைச்சுப் பிழிஞ்ச மாதிரி.” சொன்னதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, இதும் வாயில வந்துடுத்து. சத்தியமா நெனச்சுச் சொல்லல டீ.”

அவள் நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. நினைக்காமலே வருவதென்றால் அது எப்போதும் உள்ளே இருந்துகொண்டிருக்கிறது.

மறுநாளிலிருந்து வகுப்பில் எனக்கு வாஷர் என்று பேர். கான்டீனில் சாயாவுக்கு நிற்கும்போது, “வாஷர், தள்ளி நில்லு”. வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ என் பெயருக்குப் பதிலாக ஒரு பக்கெட் படம் போட்டார்கள். பெரிய கொடுமை என்று சொல்லமுடியாது. யாரும் என்னைத் தொடவில்லை, தள்ளவில்லை. கணக்குச் சந்தேகம் கேட்க என்னிடம்தான் வந்தார்கள். “வாஷர், இது எப்படி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நானும் சொல்லிக் கொடுத்தேன். நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்பதை வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சொல் என் கையிலிருந்து வராது என்று முடிவு செய்துகொண்டேன். மிஸ் கொடுத்த பயிற்சியில் எல்லா இடத்திலும் ‘வளைய முறை’ என்ற பொருளில் வேறு ஒரு சொல்லை எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ‘வாஷர்’ என்று திருத்தி, முறையான பெயரை எழுது என்று குறிப்பும் வைத்திருந்தார். நான் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். பிறகு பாடப்புத்தகத்தில் அடுத்த பகுதிக்குப் போய், குழல் முறையைப் படித்துக்கொண்டேன்.

குழல் முறையில் இலையைச் செங்குத்தாக நறுக்க வேண்டாம். சுழலும் கோட்டுக்கு இணையாகக் கிடைவாக்கில் நறுக்க வேண்டும். ஒவ்வொரு சீவலும் சுற்றி வந்து ஒரு மெல்லிய குழாய் ஆகும். ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்களை அடுக்கினால் அதே திண்மம். y = 2 கோட்டைச் சுற்றி என்றால், குழாயின் ஆரம் 2 − y, நீளம் √y − y. கூட்டிப் பார்த்தால் அதே 8π/15. முதல் தடவை விடை ஒத்துவந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறக்கமுடியாது. அந்தச் சொல்லைத் தொடாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்குப்பின் எல்லாச் சுழற்சிக் கணக்குகளையும் குழல் முறையிலேயே போட்டேன். மிஸ்ஸின் வகுப்புக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன்.

ஏப்ரலில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. நுழைவுத் தேர்வில் தேறியிருந்தேன். ஆகஸ்ட் முடிவதற்குள் பட்டப்படிப்பின் எல்லாத் தாள்களிலும் தேறிய சான்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அவ்வளவுதான் நிபந்தனை. நான் அதுவரை எதிலும் தோற்றதில்லை. அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டக்கூட இல்லை. அப்பா அன்றைக்கே துணி கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். “மோள் மெட்ராஸ்ல பெரிய படிப்புக்குப் போறா.” ஹோம்ஸ்டே நடத்தும் அம்மா ஒருவர் அவருக்கு ஒரு டப்பா ஹல்வா கொடுத்துவிட்டிருந்தார்.

மே மாதம் கால்குலஸ் தேர்வு. தாள் கடினமாக இருந்தது. பெரிய கேள்வி இரண்டு எழுதவேண்டும். ஒன்று பாதியில் நின்றுவிட்டது, வகுப்பில் நடத்திய ஏதோ ஒரு படி எனக்கு வரவில்லை. வகுப்புக்குப் போகாததன் பலன். இன்னொன்று அந்த இலைதான். அதே நேர்கோடு, அதே வளைவு, அதே y = 2. கேள்வியின் முதல் சொற்கள்: வாஷர் முறையைப் பயன்படுத்தி.

எனக்கு அது தெரியும். வகுப்பில் எல்லோரும் தவறாகச் சொன்னபோது சரியாகச் சொன்னவள் நான். வெளி ஆரம் 2 − x², உள் ஆரம் 2 − x, இரண்டு நிமிட வேலை. பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி என் தோழியின் முதுகு தெரிந்தது. அவளும் இதைத்தான் எழுதிக்கொண்டிருப்பாள், படகில் நான் சொல்லிக்கொடுத்தபடி. நான் கேள்வியை இன்னொரு முறை படித்தேன். விடை ஒன்றுதானே, எந்த வழியில் போனால் இவர்களுக்கு என்ன என்று நினைத்தேன். படம் வரைந்தேன். கிடைவாக்கில் சீவல் போட்டேன். குழல் முறையில் தொடங்கி, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி, 8π/15 என்று கட்டம் போட்டு முடித்தேன். மேலே எந்த முறை என்று எழுதவே இல்லை.

வெளியே வந்ததும் தோழி ஓடிவந்தாள். “எடீ, y சமம் ரெண்டு வந்தது பாத்தியா! நீ சொன்னதே. தூரத்துல இருக்கறது பெரிசு. எனக்குக் கிட்டிடுத்து!”

“எனக்கும் அதே விடைதான்,” என்றேன்.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. அவள் தேறியிருந்தாள். நான் அந்த ஒரு தாளில் நான்கு மதிப்பெண்ணில் தோற்றிருந்தேன். சப்ளி. எங்கள் ஊர் மாணவர்கள் மறுதேர்வைச் சொல்லும் சொல் அது. அதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கினேன், கூட வந்த தோழியும் எட்டிப் பார்த்தாள். இலைக் கணக்கின் பக்கத்தில் பத்துக்கு ஒன்று. படத்துக்காகப் போட்ட ஒன்று. மீதி முழுக்க ஒரு குறுக்குக்கோடு. கீழே ஆங்கிலத்தில், கேட்ட முறை அல்ல என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். விடுமுறைக் கல்லூரி, அவர் துறை அறையில் தனியாக உட்கார்ந்து ஏதோ பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் பார்த்தார். “ஒரு தப்பும் இல்ல,” என்றார்.

“அப்போ மறுமதிப்பீட்டில்…”

“போடு. ஆனா நான் திருத்தியிருந்தாலும் இதுக்கு மேலே ரெண்டோ மூணோதான் கொடுத்திருக்க முடியும். ஆரம் எது, வெளியே எது, உள்ளே எது, வர்க்கங்களைக் கழிக்கத் தெரியுமா, இதுக்குத்தான் மார்க்கு. இதில எதையும் நீ காட்டலை. விடைக்கு மட்டும் மார்க்கு இல்ல குட்டீ.” தாளை என் பக்கம் திருப்பினார். “அன்னிக்கு வகுப்பில நீ ஒருத்திதானே சரியாச் சொன்னே? அப்புறம் ஏன்?”

அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் நல்லவர், கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். சொல்லவேண்டுமென்றால் அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லவேண்டும், அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். “மறந்துடுச்சு மிஸ்,” என்றேன்.

“உனக்கா?” என்றார். நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

வீட்டில் கணக்கு தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறேன், வந்துவிடும் என்றேன். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தேர்வு என்பது ஆஸ்பத்திரி மாதிரி. உள்ளே நடப்பது தெரியாது, வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஜூலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவுக்குத் துணை செய்ய டோபி கானாவுக்குப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வெயில் தலைகாட்டும்போதெல்லாம் துணியை வெளியே கொண்டுபோவதும் தூறினால் அள்ளிக்கொண்டு ஓடுவதுமாக இருந்தோம். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டிய கொடி அது. முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் கிளிப் இல்லாமல் நிற்கும். நான் செருகிக்கொண்டிருக்கும்போது தோழி வந்தாள். அவள் வீட்டில் ஏதோ விசேஷம், அம்மாவின் பட்டுப்புடவை இஸ்திரிக்கு வந்திருந்தது, அதை வாங்க அனுப்பியிருந்தார்கள்.

அப்பா அவளைப் பார்த்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நீ பாஸாயிட்டே இல்லே? நல்லது மோளே. ஒண்ணு சொல்லு. எம் மோள் எப்பிடித் தோத்தா? அவ ஒண்ணும் பறய மாட்டேங்குறா.”

“அப்பா, விடுங்க,” என்றேன்.

அவளுக்கு எனக்காகப் பேசவேண்டும் என்று ஆசை. அவளுக்குத் தெரிந்த நல்ல காரியம் அதுதான். “அவ தோக்கவே இல்ல சேட்டா. ஆன்சர் கரெக்டு. நான் நகல் பாத்தேனே. கொஸ்டின்ல வாஷர் மெதட்ல செய்யச் சொல்லியிருந்தது. இவ அதை எழுதல, வேற மாதிரி செஞ்சா. அதனாலே அடிச்சுட்டா. அநியாயம்.”

“வாஷரா?” என்றார் அப்பா. “வாஷர்னா நம்மளையா?”

ஹோட்டல்காரர்களும் ஹோம்ஸ்டேக்காரர்களும் வெளிநாட்டு விருந்தாளிகளிடம் அப்பாவைக் காட்டி அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று.

தோழியின் முகம் மாறியது. “அல்ல சேட்டா, அது… குழாய்ல போடுவாளே, வட்டமா…”

“அதுவும் தெரியும். குழாய் வாஷர் எனக்குத் தெரியாதாக்கும்.” அப்பா என்னைப் பார்த்தார். “அதை எழுத உனக்கென்ன?”

நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி அழத் தொடங்கிவிட்டாள். “நான்தான் சேட்டா. கிளாஸ்ல நான்தான் களியாக்கினேன், கேலி பண்ணினேன். அப்புறம் எல்லாரும் அவளை அப்பிடியே விளிச்சா. நான் சும்மா ஒரு தமாசுக்கு…”

அப்பா அவளைத் திட்டவில்லை. புடவையை எடுத்து, மடிப்பு கலையாமல் காகிதம் சுற்றி அவள் கையில் கொடுத்தார். “மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போ மோளே. பட்டு நனையக்கூடாது.” அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

அப்பா நான்கைந்து துணிகளை எடுத்துக் கொடியில் செருகினார். பிறகு கேட்டார்:

“மெட்ராஸ் ஃபாரத்துல அப்பன் தொழில் கேட்டிருந்ததா?”

“ம்.”

“என்ன எழுதினே?”

பொய் சொல்லியிருக்கலாம். அவரால் படிக்கமுடியாது. ஆனால் அவரால் படிக்கமுடியாது என்பதை வைத்து அவரிடம் பொய் சொல்வது, அந்த நேரத்தில், என்னால் முடியவில்லை.

“பிசினஸ்.”

“பிசினஸ்,” என்றார். ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு, ஒரே ஒரு மூச்சு. “கொள்ளாம், நல்லாருக்கு.”

மழை மறுபடியும் விழத் தொடங்கியது. இரண்டு பேரும் துணிகளை அள்ளினோம். கை நிறையத் துணியுடன் கொட்டகைக்குள் நின்றபோது அவர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். அப்படி அவர் தள்ளி நிற்பது துணி வாங்க வரும் வீட்டுக்காரர்களுக்குத்தான்.

மறுமதிப்பீட்டு முடிவு ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வந்தது. மாற்றம் இல்லை. சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் விடை சரி என்றும், விடைத்தாளின் நகலைச் சேர்த்திருக்கிறேன் என்றும், சப்ளி முடியும்வரை கால அவகாசம் வேண்டும் என்றும். கெஞ்சும் தொனி வராமல் நான்கு தடவை திருத்தி எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. விதிப்படி முடியாது. அடுத்த ஆண்டு மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதலாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “சரி,” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நவம்பரில் சப்ளி எழுதினேன். அறையில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இந்த முறை √x-க்கும் x²-க்கும் நடுவில் உள்ள பரப்பு, சுழலும் கோடு கீழே, y = −1. இரண்டு ஆரத்திலும் ஒன்று கூட்டினேன். வெளி ஆரம் √x + 1, உள் ஆரம் x² + 1. மேலே தலைப்பாக வாஷர் முறை என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தச் சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வர்க்கங்களைக் கழித்து, தொகையிட்டு, 29π/30 என்று முடித்தேன். பக்கம் பாதிகூட நிறையவில்லை. கைகளைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுலபமான கணக்கு அது. அதனால்தான் தாங்கமுடியவில்லை. தேறிவிட்டேன், நல்ல மதிப்பெண்.

தோழி இப்போது தன் அப்பாவின் கடையில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாக இருக்கிறாள். வழியில் பார்த்தால் நின்று பேசுகிறாள். நானும் நிற்கிறேன். இரண்டு பேரும் படிப்பைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறோம். அவளை நான் மன்னித்துவிட்டேனா என்று என்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாது. அவள் கேட்கவில்லை. அவள் சொன்னது ஒரு வாக்கியம்தான். அதைத் தூக்கிக்கொண்டு தேர்வு அறை வரைக்கும் போனவள் நான். எனக்கு அது கர்வம் என்று தோன்றியிருந்தது. அப்பாவின் பெயர் கெடாமல் காக்கிறேன் என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். கர்வம் என்றால் ஃபாரத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது வேறு.

டிசம்பரில் வேலை அதிகம். ஹோம்ஸ்டேக்களில் ஆள் நிறைந்திருக்கும், விரிப்பும் தலையணை உறையுமாக மூட்டை மூட்டையாக வரும். அப்பாவுடன் நானும் கொடுக்கப் போனேன். ஹல்வா கொடுத்த அந்த அம்மா வாசலில் நின்று விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினார்.

“மோள் மெட்ராஸுக்குப் போயில்லே?”

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அப்பா சொல்லிவிட்டார்.

“போகல, சேச்சி. நாந்தான் விடல. பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குப் பயம்.”

“கஷ்டம்!” என்றார் அந்த அம்மா. “இவ்வளவு படிக்கிற குட்டியை இப்பிடிச் செய்யலாமா? படிப்பில்லாத ஆளுங்களோட கஷ்டமே இதுதான்.” அவருக்கு உண்மையாகவே கோபம். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சேச்சி,” என்றார். மீதி விரிப்புகளை எண்ணி வைத்தார். பதினான்கு, பதினைந்து, பதினாறு. நான் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.